ஒரு கோடியை எதில் போடுவது?

திருப்பூரில் நடுத்தர அளவில் ஒரு பனியன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிட்டிங், சாயம், கட்டிங், தையல் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் நடக்கின்றன. வருட முடிவில் புதிதாக முதலீடு செய்ய முதலாளியிடம் இருப்பது 1 கோடி ரூபாய். பங்காளிகள் கூடுதலாகப் பணம் போடத் தயாரில்லை. வங்கியும் இந்த ஆண்டு இதற்குமேல் கொடுப்பதாக இல்லை. ஆனால் மேஜையில் 5 யோசனைகள் கிடக்கின்றன. அத்தனையையும் செய்ய 2 கோடியே 30 லட்சம் வேண்டும்.

கம்பெனி கற்பனைதான். ஆனால் அதன் இக்கட்டு, தொழில் செய்யும் எவருக்கும் தெரிந்தது. ஐந்தும் நல்ல யோசனைகளாக இருந்து, ஐந்துக்கும் பணம் போதாதபோது எதை எடுப்பது, எதை விடுவது? இதற்கு நிதிக் கணக்கில் ஒரு கருவி உண்டு. அதன் பெயர் லாபக் குறியீடு. போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லி, திட்டங்களை வரிசைப்படுத்த உதவும். சில இடங்களில் அது ஆளைத் தவறான பக்கமும் திருப்பிவிடும். இரண்டையும் இந்தக் கம்பெனியின் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

யோசனைகள் இவை. முதலாவது, புதிய பிரிண்டிங் பிரிவு. 1 கோடி செலவு. 8 வருடங்களுக்கு ஆண்டுக்கு 26 லட்சம் வரும். இரண்டாவது, கூரைமேல் 100 கிலோவாட் சோலார். 50 லட்சம் செலவு. 15 வருடங்களுக்கு மின்கட்டணத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் மிச்சம். மூன்றாவது, துணி வெட்டத் தானியங்கிக் கட்டிங் மெஷின். 30 லட்சம்; துணிச் சேதாரமும் கூலியும் குறைந்து 6 வருடங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் மிச்சம். நான்காவது, நிட்டிங் மெஷின்கள். 40 லட்சம், 6 வருடங்களுக்கு ஆண்டுக்கு 12 லட்சம். ஐந்தாவது மிகச் சிறியது. பழைய தையல் மெஷின்களின் கிளட்ச் மோட்டார்களைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் மாட்டுவது. 10 லட்சம், 5 வருடங்களுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் மின்சாரம் மிச்சம். வரியையும் தேய்மானத்தையும் இங்கே ஒதுக்கி வைத்திருக்கிறேன். நிஜக் கணக்கில் ஆடிட்டர் அவற்றைச் சேர்ப்பார்.

இப்படி ஒரு பட்டியலைப் பார்த்ததும் பெரும்பாலான முதலாளிகள் கேட்கும் முதல் கேள்வி, "போட்ட காசு எத்தனை வருஷத்துல திரும்பும்?" என்பதுதான். சர்வோ மோட்டார் இரண்டரை வருடம். கட்டிங் மெஷின் 3 வருடம். நிட்டிங் 3 வருடம் 4 மாதம். பிரிண்டிங் 4 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. சோலார் 5 வருடம், கடைசி இடம். இந்த வரிசையை நம்பினால் மோட்டார், கட்டிங், நிட்டிங் மூன்றையும் எடுத்து 80 லட்சத்தைச் செலவழித்துவிட்டு, மீதமுள்ள 20 லட்சத்தில் வேறொன்றும் வாங்க முடியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

காசு திரும்பும் காலம், திரும்பிய பிறகு என்ன வருகிறது என்பதைப் பார்ப்பதே இல்லை. சோலார் 5 வருடத்தில் அசலைக் கொடுத்துவிட்டு, இன்னும் 10 வருடம் சம்பாதித்துக்கொண்டிருக்கும். நிட்டிங் மெஷின் அசலைக் கொடுத்தபின் உழைப்பது 2 வருடம் 8 மாதம்தான். அதற்காக 15 வருட வரவையும் அப்படியே கூட்டிப் பார்ப்பதும் தவறு. இன்றைக்குக் கையில் இருக்கும் ரூபாயும் 15 வருடம் கழித்து வரும் ரூபாயும் ஒன்றாகாது. கம்பெனியின் பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத விலை என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 89 காசு. 5 வருடம் கழித்து வரும் ரூபாய்க்கு 57 காசு. 10 வருடம் கழித்து வருவதற்கு 32 காசு. 15 வருடம் கழித்து வருவதற்கு 18 காசு.

ஆகவே வரப்போகும் ஒவ்வொரு ஆண்டின் தொகையையும் இப்படிக் குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்ட வேண்டும். ஆண்டுதோறும் ஒரே தொகை வந்தால் வேலை சுலபம். 12 சதவீதத்தில், 6 வருடம் தொடர்ந்து வரும் ஒரு ரூபாயின் இன்றைய மொத்த மதிப்பு 4 ரூபாய் 11 காசு. கட்டிங் மெஷின் ஆண்டுக்கு 10 லட்சம் தருகிறது. இன்றைய மதிப்பு 41.1 லட்சம். அதற்குப் போடுவது 30 லட்சம். கழித்தால் 11.1 லட்சம், இது நிகர இன்றைய மதிப்பு. 41.1-ஐ 30-ஆல் வகுத்தால் 1.37, இது லாபக் குறியீடு. போட்ட ஒரு ரூபாய் இன்றைய மதிப்பில் 1 ரூபாய் 37 காசாகிறது என்று பொருள். குறியீடு 1-க்கு மேலே இருந்தால் திட்டம் பணத்தின் விலையைக் கட்டிவிட்டு மேலும் ஏதோ தருகிறது. 1-க்குக் கீழே போனால் அதைத் தொட வேண்டாம்.

ஐந்துக்கும் இப்படிக் கணக்குப் போட்டால் கிடைப்பது இது. தொகைகள் லட்சத்தில்.

| திட்டம் | முதலீடு | வரவின் இன்றைய மதிப்பு | நிகர மதிப்பு | குறியீடு |
|---|---|---|---|---|
| சர்வோ மோட்டார் | 10 | 14.4 | 4.4 | 1.44 |
| கட்டிங் மெஷின் | 30 | 41.1 | 11.1 | 1.37 |
| சோலார் | 50 | 68.1 | 18.1 | 1.36 |
| பிரிண்டிங் | 100 | 129.2 | 29.2 | 1.29 |
| நிட்டிங் | 40 | 49.3 | 9.3 | 1.23 |

தனித்தனியாகப் பார்த்தால் அதிக நிகர மதிப்பு தருவது பிரிண்டிங் பிரிவு, 29.2 லட்சம். பணத்துக்குத் தட்டுப்பாடு இல்லையென்றால் குறியீட்டையே பார்க்கத் தேவையில்லை. ஐந்தும் நிகர மதிப்பு தருகின்றன, ஐந்தையும் செய்யலாம். ஆனால் 1 கோடிதான் இருக்கிறது. பிரிண்டிங்கை எடுத்தால் அது அத்தனையையும் விழுங்கிவிடும். குறியீட்டு வரிசையில் மேலிருந்து இறங்கினால் மோட்டார், கட்டிங், சோலார் மூன்றும் 90 லட்சத்தில் அடங்குகின்றன. மூன்றும் சேர்ந்து தருவது 33.6 லட்சம். 10 லட்சம் கையில் மிச்சம் இருக்கும்போதே பிரிண்டிங்கைவிட 4 லட்சத்துக்கு மேல் கூடுதல். காசு திரும்பும் காலத்தை நம்பி எடுத்த மூன்றும் சேர்ந்து தந்திருக்கக்கூடியது 24.8 லட்சம்தான்.

குறியீட்டின் பலம் இதுதான். தட்டுப்பாட்டில் இருப்பது பணம். ஆகவே தட்டுப்பாட்டுப் பொருளின் ஒவ்வொரு அலகும் எவ்வளவு தருகிறது என்று அளக்க வேண்டும். பெரிய திட்டம் பெரிய லாபம் காட்டுவது இயல்பு. அது எத்தனை ரூபாயை அடைத்துக்கொண்டு அந்த லாபத்தைக் காட்டுகிறது என்பதே கேள்வி.

இப்போது கணக்கில் ஒரு மாற்றம். சாயப் பிரிவின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அமைப்பில் சவ்வுகள் தேய்ந்துபோயிருக்கின்றன, ஆவியாக்கியிலும் பழுது. சரிசெய்ய 20 லட்சம் ஆகும். இதிலிருந்து வரவு எதுவும் கிடையாது. குறியீடு போட்டால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அதற்காக வரிசையில் கடைசியில் தள்ள முடியுமா? நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, திருப்பூரின் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் மூடப்பட்டதை அந்த ஊர் மறக்கவில்லை. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை அங்கே தொழில் நடத்துவதற்கான அனுமதிச் சீட்டு. நதிக்கும் விவசாயிக்கும் செய்ய வேண்டிய கடமை என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட கட்டாயச் செலவுகளைக் குறியீட்டு வரிசைக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. முதலில் அதை எடுத்துவைத்துவிட்டு, மீதிப் பணத்தைத்தான் மற்றத் திட்டங்களுக்குப் பங்கிட வேண்டும்.

மீதி 80 லட்சம். இந்த இடத்தில்தான் குறியீடு காலை வாருகிறது.

பழையபடி மேலிருந்து இறங்குவோம். மோட்டார் 10, கட்டிங் 30. 40 லட்சம் போயிற்று. அடுத்தது சோலார், 50 லட்சம். கையில் இருப்பது 40. சோலாரில் நான்கு பங்கு மட்டும் வாங்கலாமா என்றால், கூரை அமைப்பும் ஒப்பந்தமும் 100 கிலோவாட்டுக்கானவை. பாதியில் நிறுத்த முடியாது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாண்டினால் பிரிண்டிங், அதற்கும் இடமில்லை. கடைசியில் நிட்டிங் மெஷின் 40 லட்சத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. மூன்றும் சேர்ந்து 24.8 லட்சம். ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் முதலிடத்தில் இருக்கும் மோட்டாரை விட்டுவிட்டு, கட்டிங்கையும் சோலாரையும் மட்டும் எடுத்தால்? அதுவும் சரியாக 80 லட்சம். தருவது 29.2 லட்சம். வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியதால் போனது 4 லட்சத்து 40 ஆயிரம்.

காரணம் எளிது. குறியீட்டு வரிசை, எந்தத் திட்டத்தையும் வேண்டிய அளவுக்கு வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமானத்தில் நிற்கிறது. அப்படி வெட்ட முடிந்தால் அதுதான் ஆகச் சிறந்த வரிசை. கணிதத்தில் இதை மூட்டைக் கணக்கு என்பார்கள்: குறிப்பிட்ட எடையே தாங்கும் மூட்டையில், எடையும் விலையும் வேறுவேறான பொருட்களில் எவற்றைக் கட்டினால் மொத்த விலை அதிகம் என்ற கணக்கு. கடைசிப் பொருளை வெட்டிப் போடலாம் என்றால் விலையை எடையால் வகுத்து இறங்கினாலே போதும் என்பதை அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் 1957-இல் காட்டினார். முழுசாகத்தான் எடுக்க வேண்டும் என்றால் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னச் செலவுகளுக்கிடையே பங்கிடும் பெரிய நிறுவனத்துக்கு இந்தப் பிழை பொருட்படுத்தத் தக்கதாக இருக்காது; ஓரத்தில் ஒரு சின்னத் துண்டுதான் வீணாகும். நாலைந்து பெரிய மெஷின்களுக்கிடையே தேர்வு செய்யும் சிறு தொழிலுக்கு அந்த ஓரத்துண்டே பாதி முதலீடாக இருக்கும். ஆகவே சிறு தொழில் செய்பவர்தான் இதில் அதிக கவனமாக இருக்க வேண்டும்.

வழி இருக்கிறது, அதுவும் கடினமானதில்லை. 5 திட்டங்களிலிருந்து உருவாக்கக்கூடிய கூட்டணிகள் மொத்தம் 32. எதையும் எடுக்காமலிருப்பதும் அதில் ஒன்று. 80 லட்சத்தைத் தாண்டுபவற்றை அடித்துவிட்டால் கொஞ்சம்தான் மீதி. ஒவ்வொன்றின் நிகர மதிப்பையும் கூட்டி எது அதிகம் என்று பார்க்க ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும். குறியீடு எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லட்டும். கடைசித் தீர்ப்பைக் கூட்டணிகளின் நிகர மதிப்பு சொல்லட்டும். திட்டங்கள் 15, 20 என்று போனால் கையால் முடியாது. கணினியின் விரிதாளில் உள்ள தேர்வுக் கருவி அதைச் செய்துவிடும்.

இந்தக் கூட்டணிக் கணக்கில் இன்னொரு தகவலும் ஒளிந்திருக்கிறது, பலர் அதை எடுத்துப் பார்ப்பதில்லை. 80 லட்சத்தில் கிடைக்கும் ஆகச் சிறந்தது 29.2 லட்சம். 90 லட்சம் இருந்தால் மோட்டாரும் உள்ளே வந்துவிடும்; 33.6 லட்சம். அதாவது கூடுதலாக ஒரு 10 லட்சம் எங்கிருந்தாவது வந்தால் அதன் மதிப்பு 4.4 லட்சம். அப்படியானால் அந்த 10 லட்சத்துக்குக் கொஞ்சம் அதிக வட்டி கொடுத்தாலும் தப்பில்லையா? கணக்குப் பார்ப்போம். வங்கி மறுத்து, வெளியே நிதி நிறுவனத்தில் 18 சதவீதத்துக்கு 5 வருடத் தவணையில் வாங்குவதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்குக் கட்ட வேண்டியது ஏறக்குறைய 3.2 லட்சம். மோட்டார்கள் மிச்சப்படுத்துவது ஆண்டுக்கு 4 லட்சம். கட்டும் தவணைகளின் இன்றைய மதிப்பு 11.5 லட்சம், வரவு 14.4 லட்சம். 18 சதவீத வட்டியிலும் 2.9 லட்சம் மிஞ்சுகிறது. "இவ்வளவுதான் பணம்" என்ற வரம்பு பல நேரங்களில் நாமே போட்டுக்கொண்ட கோடு. அதை 10 லட்சம் நகர்த்தினால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு கேட்பவருக்கும், பொதுவாக "இன்னும் கொஞ்சம் கடன் கொடுங்கள்" என்று கேட்பவருக்கும் வங்கி மேலாளர் முன்னால் வித்தியாசம் இருக்கிறது.

குறியீட்டைத் தெரிந்தோ தெரியாமலோ கெடுப்பது பெரும்பாலும் வகுக்கும் எண்ணில் நடக்கிறது. கட்டிங் மெஷின் விற்பவர் வந்து, "முழுப் பணம் வேண்டாம் சார், 10 லட்சம் கொடுங்க, பாக்கி 20 லட்சத்தை 3 வருஷத் தவணையில கட்டுங்க" என்கிறார். அவர் கேட்கும் வட்டியும் 12 சதவீதம் என்றே இருக்கட்டும். நிகர மதிப்பு மாறவில்லை; அதே 11.1 லட்சம். ஆனால் இப்போது முதலில் போடுவது 10 லட்சம் என்பதால் குறியீடு 1.37-இலிருந்து 2.11-க்குத் தாவிவிடுகிறது. மெஷின் அதேதான், அது வெட்டும் துணியும் அதேதான்.

இது ஏமாற்றா என்றால், இடத்தைப் பொறுத்தது. இந்த ஆண்டுதான் பணத்துக்கு இறுக்கம், அடுத்த ஆண்டிலிருந்து நிலைமை சரியாகிவிடும் என்றால், இந்தச் சலுகை நிஜமான உதவி. 80 லட்சத்திலேயே மோட்டார், கட்டிங், சோலார் மூன்றும் நுழைந்துவிடும். ஆண்டுத் தவணை 8.3 லட்சத்தை மெஷினின் 10 லட்ச மிச்சமே கட்டிவிடும். ஆனால் அடுத்த ஆண்டும் அதே இறுக்கம் என்றால், இன்றைய தட்டுப்பாட்டை நாளைக்குத் தள்ளியிருக்கிறோம், அவ்வளவே. அதைவிட மோசமானது, ஒரு மெஷினுக்கு முன்பணத்தை வைத்தும் மற்றவற்றுக்கு முழு விலையை வைத்தும் குறியீடு போட்டு ஒப்பிடுவது. ஒரு விற்பனையாளர் தவணை தந்தால் மற்ற நால்வரிடமும் தவணை கேட்டுப் பார்த்த பிறகே வரிசைப்படுத்த வேண்டும்.

நடைமுறை மூலதனத்தை மறப்பதும் இதே வகைப் பிழை. பிரிண்டிங் பிரிவு தொடங்கினால் மெஷின் விலையோடு மை, ரசாயனச் சரக்கு, வாங்கியவர்கள் 90 நாள் நிறுத்தி வைக்கும் பாக்கி எல்லாமே பணத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பணமும் அதே ஒரு கோடியிலிருந்துதான் போக வேண்டும். அதைச் சேர்க்காமல் போட்ட 1.29 நம்பத் தகுந்தது இல்லை.

முதலீடே பல ஆண்டுகளுக்குப் பரவும்போது ஒரே ஒரு வகுக்கும் எண் போதாது. இந்த ஆண்டு 50 லட்சம், அடுத்த ஆண்டு 50 லட்சம் என்று பிரிண்டிங் பிரிவைக் கட்டினால், இரண்டு ஆண்டுகளுக்கும் தனித்தனி வரம்பு இருக்கிறது. எதை வைத்து வகுப்பது? சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லோரியும் புள்ளியியலாளர் லெனார்டு சாவேஜும் 1955-இலேயே எடுத்துக்கொண்ட சிக்கல் இது. மார்ட்டின் வைன்கார்ட்னர் 1963-இல் இதை நேரியல் திட்டமிடல் கணக்காக எழுதினார். பெரிய நிறுவனங்களின் நிதிப் பிரிவு அந்த வழியில் போகும். நம்முடைய அளவில், இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எந்தக் கூட்டணி இரண்டு வரம்புக்குள்ளும் அடங்குகிறது என்று பார்ப்பதே போதும்.

மிச்சம் இருப்பது மதிப்பீடுகளின் நம்பகம். கட்டிங்கின் குறியீடு 1.37, சோலாருடையது 1.36. இந்த ஒரு காசு வித்தியாசத்தை வைத்து ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்தது என்று சொல்ல முடியாது. கட்டிங் மெஷின் ஆண்டுக்கு 10 லட்சத்துக்குப் பதிலாக 9.9 லட்சம் மிச்சப்படுத்தினாலே வரிசை மாறிவிடும். துணிச் சேதாரத்தை அவ்வளவு துல்லியமாக முன்கூட்டிச் சொல்ல எந்தக் கட்டிங் மாஸ்டராலும் முடியாது. முதலிடத்தில் இருக்கும் மோட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 4 லட்சம் என்பது இரண்டு ஷிப்டு ஓடும் என்று நம்பிப் போட்டது. ஆர்டர் குறைந்து மிச்சம் 3 லட்சமாக இறங்கினால் குறியீடு 1.08. முதலிடத்திலிருந்து கடைசி இடம். ஒவ்வொரு திட்டத்துக்கும் வரவு எவ்வளவு குறைந்தால் குறியீடு 1-ஐத் தொடும் என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள். மோட்டார் 31 சதவீதக் குறைவைத் தாங்கும். நிட்டிங் 19 சதவீதம்தான் தாங்கும். நிட்டிங்கின் வரவு ஆர்டரை நம்பியிருக்கிறது. சோலாரின் வரவு வெயிலையும் மின்கட்டண விகிதத்தையும் நம்பியிருக்கிறது. எதை நம்புவது என்ற அந்த முடிவைக் குறியீடு எடுக்காது. தொழில் தெரிந்தவர்தான் எடுக்க வேண்டும்.

என் தீர்ப்பு: கட்டாயச் செலவு போக மீதி 80 லட்சத்தில் கட்டிங் மெஷினும் சோலாரும். ஷிப்டுகள் ஓடும் என்று உறுதியிருந்தால் இன்னும் 10 லட்சம் புரட்டி சர்வோ மோட்டார். பிரிண்டிங் அடுத்த ஆண்டுப் பட்டியலில் இருக்கட்டும். அந்தப் பட்டியலைப் போடும்போது, சோலாரும் கட்டிங்கும் இந்த ஆண்டு மிச்சப்படுத்தும் என்று எழுதிய தொகையையும், மின்வாரிய பில்லும் துணிக் கணக்கும் காட்டும் நிஜத் தொகையையும் முதல் இரண்டு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.